பெரிய நம்பர் கடை

பிரிக்ஃபீல்ட்ஸில் பணம் அனுப்பும் கடைகள் இரண்டு எதிரெதிரே இருக்கின்றன. ஊரில் மகளின் விடுதிக் கட்டணம் முப்பதாயிரம் ரூபாயை அன்றே கட்ட வேண்டும். என்னிடம் இருந்தது ஆயிரத்து ஐந்நூறு ரிங்கிட்.

முதல் கடைப் பலகையில் ஒரு ரிங்கிட்டுக்கு 20.50 ரூபாய், எதிர்க்கடையில் 20.40.

"பெரிய நம்பர் எங்க இருக்கோ அங்க போங்கண்ணே" என்றான் என்னோடு உணவகத்தில் சமைக்கும் லோகன். எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். அந்தப் பலகையைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

இரண்டு கடையிலும் ஒரே கேள்விதான் கேட்டேன். "எல்லாப் பிடித்தமும் போக, ஊர்ல என் சம்சாரம் கணக்குல எவ்வளவு விழும்?"

முதல் கடையில் கட்டணம் இருபத்தைந்து ரிங்கிட். ஊர் வங்கி வேறு இருநூற்றைம்பது ரூபாய் பிடிக்குமாம். விழுவது 29,987.50. பன்னிரண்டரை ரூபாய் குறைகிறது. எதிர்க்கடையில் கட்டணம் ஐந்து ரிங்கிட், வங்கிப் பிடித்தம் கிடையாது. விழுவது 30,498.

லோகன் கைப்பேசியில் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தான். "ஆமா லா" என்றான்.

எதிர்க்கடையில் அனுப்பிவிட்டு மனைவிக்குக் கணக்கைச் சொன்னேன். சாயங்காலம் அவள் கூப்பிட்டாள்.

"ஃபீஸ் கட்டியாச்சு. மிச்சத்துல எனக்கு ஒரு சேலை எடுத்துக்கிட்டேன். இனிமே அந்தக் கடையிலயே அனுப்புங்க."