ஆள்காட்டி விரல்

எனக்கு அவசர புத்தி அதிகம். ஆபத்து என்றால் மற்றவர்கள் யோசிப்பதற்குள் நான் செய்து முடித்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. உண்டு என்றா சொன்னேன், இருந்தது.

சங்கரன்கோவிலில் ஒரு கொட்டகையில் விசைத்தறி ஓட்டுகிறேன். என் மனைவி சங்கரேஸ்வரி அதே கொட்டகையில் பாவு பிணைப்பவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீர்ந்ததும், புதுப் பாவின் இழைகளை அதனோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சாம்பலைத் தொட்டு ஒரு திருகு திருகும், இழை ஒட்டிக்கொள்ளும். அவள் வேகத்துக்கு ஊரில் ஆள் கிடையாது.

அன்று காலை பத்து மணி இருக்கும். நூல் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டவள் வெடுக்கென்று இழுத்தாள். வலது ஆள்காட்டி விரல் நுனியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். பெட்டியை நகர்த்தினால், உள்ளங்கை அகலத்தில் ஒரு எட்டுக்கால் பூச்சி. தட்டையாக, பழுப்பு நிறத்தில், வயிற்றுக்கடியில் வெள்ளையாக வட்டமாக எதையோ அணைத்துக்கொண்டு நின்றது. செருப்பால் ஒரே அடி.

"இம்புட்டுப் பெரிசுல்லா, விஷம் ஏறிரும். கையைக் காட்டுட்டி" என்றேன்.

கையருகில் பாவு நூல் கிடந்தது. நாலு இழை சேர்த்து, விரலின் அடியில் சுற்றி, எங்கள் தறிக்காரர் முடிச்சைப் போட்டேன். இழுக்க இழுக்க இறுகுமே தவிர நெகிழாத முடிச்சு. மேலே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பினேன்.

மத்தியானம் விரல் வீங்கியது. "ரொம்ப வலிக்குங்க, அவுத்து விடுங்க" என்றாள்.

"விஷம் இறங்காம அவுக்கக்கூடாது" என்று அதட்டினேன். அதட்டியதோடு விட்டேனா? விஷம் ஏறுகிறது என்று பயந்து இன்னும் நாலு இழையை மேலேயே சுற்றினேன்.

இரவு அழுதாள். விடியும்போது அழுகை நின்றிருந்தது. "இப்ப வலியே தெரியல" என்றாள். விஷம் இறங்கிவிட்டதென்று சிரித்துக்கொண்டே காபி வாங்கி வந்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

வெளிச்சத்தில் மஞ்சளுக்கு வெளியே தெரிந்த நகம் கறுத்திருந்தது.

உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் எஸ்லின் பஞ்சால் பற்றைத் துடைத்தார். நூல் வெளியே தெரியவில்லை. சதைக்குள் புதைந்திருந்தது. மெல்லிய கத்தரியை உள்ளே விட்டு இழை இழையாக வெட்டினார். நுனியை அழுத்திப் பார்த்தார். நிறம் திரும்பவில்லை. ஊசியால் தொட்டார். அவளுக்குத் தெரியவில்லை.

செத்த பூச்சியை நான் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். அதைப் பிரித்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது வீட்டுல கரப்பானைப் பிடிச்சுத் திங்கிற பூச்சி. வயித்துல இருக்கது முட்டைப் பை. கை நெருக்கவும் பயந்து கடிச்சிருக்கு. குளவி கொட்டுனாப்புல வலிக்கும், ரெண்டு நாள்ல சரியாயிரும். சோப்புப் போட்டுக் கழுவிட்டு, ஐஸைத் துணியில சுத்தி அப்பப்ப வச்சிருந்தாப் போதும்."

"விஷப் பூச்சின்னா, டாக்டரம்மா?"

"அது வேற. கறுப்பா உருண்டையா, வயித்துல சிவப்பா அடையாளம் இருக்கது ஒண்ணு. மரப்பொந்துல இருக்குமே, உடம்பெல்லாம் முடியா, அது ஒண்ணு. உருவத்தை வச்சு மட்டும் முடிவு பண்ணக்கூடாது. எது கடிச்சாலும் உடம்பைக் கவனிக்கணும். வலி பரவி தசை இழுத்தா, வயிறு இறுகுனா, வேர்த்துக் கொட்டுனா, மூச்சு முட்டுனா உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும். அப்பவும் கட்டுப் போடக்கூடாது, கீறக்கூடாது." நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "விரலைக் கெடுத்தது பூச்சி இல்ல, மூக்காண்டி."

பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருநெல்வேலி போனோம். மூன்றாவது வாரம் விரலில் இரண்டு கணுவை வெட்டி எடுத்துவிட்டார்கள்.  

இப்போது சங்கரேஸ்வரி கொட்டகையில் கூட்டிப் பெருக்குகிறாள். பாவு பிணைக்க வேறு ஆள் வருகிறது. அந்தப் பக்கம் அவள் பார்ப்பதே இல்லை.

நேற்றுக் காலை மகள் கோமதி பள்ளிக்கூடம் கிளம்பினாள். இரட்டைச் சடையில் ரிப்பன் கட்ட சங்கரேஸ்வரி மூன்று தடவை முயன்றாள். ரிப்பன் வழுக்கி வழுக்கி விழுந்தது. கடைசியில் என்னிடம் நீட்டினாள்.

"நீங்க கட்டி விடுங்க. மணியாச்சு."

கோமதி எனக்கு முதுகு காட்டி நின்றாள்.

"அப்பா, இறுக்கிக் கட்டாதீங்க" என்றாள். எப்போதும் அம்மாவிடம் சொல்கிறதுதான்.

சங்கரேஸ்வரி அடுப்படிக்குப் போய்விட்டாள். ரிப்பனைச் சடையில் சுற்றி முடிச்சுப் போட்டேன். முடிச்சை இழுக்கவே மனம் வரவில்லை. வாசலில் நின்று பார்த்தேன். தெருமுனை திரும்புவதற்குள் இரண்டு ரிப்பனும் அவிழ்ந்து, தோளில் தொங்கிக்கொண்டு போயின.