எட்டுக் கல்

நாளெல்லாம் மாடிப்படியில் செங்கல் சுமந்துவிட்டு வந்து படுத்தால் எனக்குத் தேவை தூக்கம். என் மகளுக்குத் தேவை வழக்கு.

எங்கள் வீட்டில் படுக்கும் முன் ஆளுக்கு மூன்று நன்றி சொல்ல வேண்டும். பொத்தாம்பொதுவாகச் சொன்னால் செல்லாது. இன்றைக்கு நடந்ததாக இருக்க வேண்டும், யார் செய்தார்கள் என்றும் சொல்ல வேண்டும். விதி போட்டவள் நான். மாட்டிக்கொண்டவளும் நான்தான்.

“சொல்லுடி, லைட்டை அணைக்கணும்.”

“மாட்டேன். நேத்து செருப்புக்கு நன்றி சொன்னேன். இன்னிக்கு அறுந்துபோச்சு.”

“நன்றின்னா நாளைக்கும் குடுன்னு சாமியக் கேக்குறதில்லடி. கெடைச்சதக் கெடைச்சுதுன்னு ஒத்துக்கிறது.”

“அப்ப அறுந்ததுக்கும் நன்றி சொல்லணுமா?”

“வேணாம். அதுக்கு அழுதுக்கோ. ஆனா அறுந்தது மட்டும்தான் இன்னிக்கு நடந்துச்சுன்னு நெனைச்சுக்கிட்டுப் படுக்காத, தூக்கம் வராது. அறுந்த செருப்போட எப்படி வீட்டுக்கு வந்த?”

“ஸ்கூல் ஆயா ஊக்கு குத்திவிட்டாங்க.”

“ஊக்கு ஏது?”

“அவங்க சேலையில இருந்தது. அப்புறம் முந்தானையக் கையில புடிச்சுக்கிட்டே நின்னாங்க.” கொஞ்சம் யோசித்தாள். “ஆயாவுக்கு நன்றி. ஊக்குக்கு நன்றி. ஊக்கு செஞ்சவருக்கு நன்றி. அவரோட அம்மாவுக்கு…”

“மூணு ஆச்சு தாயே, போதும்.”

“இப்ப நீ.”

“சோத்துக்கு நன்றி, தண்ணிக்கு நன்றி, கூரைக்கு நன்றி.”

“செல்லாது. யாரு செஞ்சாங்கன்னு சொல்லு.”

எனக்கு எரிச்சலாக வந்தது. மனசு முழுக்க ஒட்டகம் நின்றாள். என் தலையில் கல் அடுக்கிவிட்டுத் தானும் சுமந்து வரும் நெட்டைக்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. எப்போதும் நடைக்கு ஆளுக்குப் பத்துக் கல். இன்று மதியத்துக்கு மேல் எனக்கு எட்டோடு நிறுத்திவிட்டாள். என்னால் முடியாதென்று காட்டுகிறாயா என்று அத்தனை பேர் முன்னால் நான் கத்தினேன். அடுத்த நடைக்கும் அவள் எட்டுதான் வைத்தாள். நாளைக் காலையில் மேஸ்திரியிடம் சொல்லி ஜோடி மாற்றிக்கொள்வதாக இருந்தேன்.

“இன்னிக்கு ஒருத்தரும் ஒண்ணும் செய்யல. ஒட்டகம் எட்டுக் கல்லு வெச்சு என்னக் கேவலப்படுத்தினா. போதுமா?”

“மிச்ச ரெண்டு கல்ல யாரு தூக்குனா?”

“அவதான். அவ நடைக்குப் பன்னெண்டு.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. மதியம் படியில் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. அப்போது எனக்குப் பின்னால் ஏறி வந்தவள் அவள்தான்.

“ஒட்டகத்துக்கு நன்றி,” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. திட்டித்தான் அனுப்பினேன்.”

“அப்ப சாமிகிட்ட சொல்லிட்டா ஆச்சா?”

“தூங்குடி, உன் கால்ல விழறேன்.”

தூங்கிவிட்டாள். மேஸ்திரியிடம் போகும் வேலை எனக்கு இனி இல்லை. ஒட்டகத்தின் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியாமல் விழித்துக் கிடந்தேன். இன்னும் இரண்டு நன்றி வேறு பாக்கி.