ஆட்சேபணை இல்லை

ஊருக்கெல்லாம் டி.சி. எழுதிக் கொடுத்தவள் தன் மகளின் டி.சி.யில் தடுக்கி விழுந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆபீஸம்மா என்று பெயர். பள்ளியை விட்டுப் போகிற பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்துக்கு நீட்டுவது அவள் வேலை. கையில் டி.சி. இருந்தால் எந்த வாசலும் திறக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

மகள் வெளியூர்க் கல்லூரியில் முதல் வருஷம் முடித்திருந்தாள். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பாதி நாள் படுக்கைதான், பிள்ளை துரும்பாய் இளைத்துவிட்டாள். வீட்டிலிருந்தே போய்வருகிற கல்லூரியில் இரண்டாம் வருஷத்தில் ஓர் இடம் காலி என்றதும் ஆபீஸம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பழைய கல்லூரிக்கு ஓடி, நூலகம் முதல் விடுதி வரை பாக்கியில்லை என்று எழுதி வாங்கி, முதல்வர் கையெழுத்திட்ட டி.சி.யோடு திரும்பினாள். பெயர், பிறந்த தேதி, நடத்தை எல்லாவற்றையும் பேருந்திலேயே சரிபார்த்தாயிற்று.

புதிய கல்லூரி எழுத்தர் டி.சி.யைக் கோப்பில் வைத்துக்கொண்டு, மைக்ரேஷன் எங்கே என்றார். அதுதான் டி.சி. கொடுத்தாயிற்றே என்றாள் இவள். அவர் நிதானமாகச் சொன்னார். இங்கே படித்தாள், போய்விட்டாள் என்று கல்லூரி சொல்வது டி.சி.; அதில் முதல்வர் கையெழுத்து போதும். ஆனால் பரீட்சை எழுதியது பழைய பல்கலைக்கழகத்தின் பேரில். இந்தக் கல்லூரியோ வேறு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இவளை விடுகிறோம் என்று அந்தப் பல்கலைக்கழகப் பதிவாளர் கையெழுத்துப் போட்டுத் தருகிற சான்றிதழ்தான் மைக்ரேஷன்; அதுவும் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் தற்காலிகச் சேர்க்கை ரத்து.

பழைய கல்லூரியில் பெயரை அடித்தாயிற்று. இங்கே இன்னும் பெயர் ஏறவில்லை. அங்கும் இல்லை இங்கும் இல்லை என்று பிள்ளையை நடுத்தெருவில் நிறுத்தியது தன் அவசரம்தானே என்று ஆபீஸம்மா தன்னையே நொந்துகொண்டாள்.

மறுநாள் விண்ணப்பம், கட்டணம், மதிப்பெண் பட்டியல், டி.சி. நகல் எல்லாம் எடுத்துக்கொண்டு தாயும் மகளும் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். மைக்ரேஷன் ஜன்னலில் இருந்தவர் நகலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"விலகும் காரணம்னு இருக்கிற இடத்தைப் படிங்கம்மா."

படித்தாள். 'படிப்பு முடிந்தது.'

"மூணு வருஷப் படிப்பு. எங்க கணக்குல உங்க பொண்ணு முதல் வருஷம்தான் முடிச்சிருக்கு. எதை நம்பி பதிவாளர்கிட்ட வைக்கிறது? கையெழுத்துப் போட்ட முதல்வரே ஒரிஜினல்ல திருத்தித் தரணும்."

கோபம் தலைக்கேறியது. ஆனால் யார் மேல்? கடைசி வருஷப் பிள்ளைகளுக்கே எழுதிப் பழகிய கை அந்தக் கல்லூரி எழுத்தருடையது, பழக்கதோஷத்தில் எழுதிவிட்டார். இவளும் அந்த வரியைப் படிக்காமல் தாண்டினாள். ஏன் தாண்டமாட்டாள்? தன் பள்ளியில் கடைசி வகுப்பு முடிந்த பிள்ளைகளுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அவள் எழுதுகிற வரி அதுதான்.

பிறகு நாய்படாத பாடு. புதிய கல்லூரியில் கடிதம் எழுதிக் கொடுத்து ஒரிஜினலைக் கடனாக வாங்கினாள். பழைய கல்லூரியில் முதல்வர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். துணை முதல்வரோ, தன்னிடம் பொறுப்பு ஒப்படைக்காமல் அந்த நாற்காலிக்குரிய கையெழுத்தைப் போடமாட்டேன் என்றார். சட்டம் அவர் பக்கம். இவளும் எத்தனை பெற்றோரிடம் இதையே சொல்லி, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறாள். மரப்பெஞ்சில் உட்கார்ந்து அந்த முகங்களையெல்லாம் நினைத்துக்கொண்டாள். மகள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை முதல்வர் வந்தார். தவறான வரியை அடித்து, 'வேறு கல்லூரியில் சேர்வதற்காக' என்று எழுதச் சொல்லி, பக்கத்தில் சுருக்கொப்பமும் முத்திரையும் போட்டார். அலுவலகப் பிரதியிலும் அதே திருத்தம். முடிய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதுதான் இவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

பல்கலைக்கழகத்தில் மீண்டும் வரிசை, மீண்டும் ஜன்னல், பதிவாளர் அறைக்குப் போன கோப்பு வெளியே வரும்வரை காத்திருப்பு. வெள்ளிக்கிழமை மதியம் சான்றிதழ் கைக்கு வந்தது. இந்த முறை ஆபீஸம்மா அங்கேயே நின்று ஓர் எழுத்து விடாமல் படித்தாள். இன்ன பதிவு எண் கொண்ட மாணவி வேறு பல்கலைக்கழகத்தில் சேர்வதில் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை. கீழே பதிவாளர் கையெழுத்து. அவ்வளவுதான்.

"ஆட்சேபணை இல்லையாம்," என்றாள் மகளிடம். "இத்தனை நாள் நாயா அலையவிட்டு, ஆட்சேபணை இல்லையாம்."

மகள் சிரித்தாள். ஆபீஸம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதிய கல்லூரிக்கு ஓடுமுன் முதலில் ஒரு நகல் எடுக்கக் கடையைத் தேடினாள்.