சிங்கமும் பூனையும்

"சோலென், நான் சிங்கமா எழுதினதை நீ பூனையா மாத்தி வச்சிருக்க," என்று தாளை மேசையில் போட்டார் பூச்சியியல் பேராசிரியர் ஒதிலோன்.

அவரது பிரெஞ்சு ஆய்வுச் சுருக்கம், 'மனிதன் பூச்சியை என்றைக்கு வெல்வான்?' என்று முழங்கிக்கொண்டு தொடங்கி, 'தோப்பில் பூச்செடிகளை வரிசையாக நட்டால் ஆப்பிள் மரத்து அசுவினிப் பூச்சி ஒழியும் என நிரூபிக்கிறோம்' என்று முடிந்திருந்தது. மொழிபெயர்ப்பாளர் சோலென் ஆங்கிலத்தில் அந்தக் கேள்வியைத் தூக்கிவிட்டு, 'பூச்செடி வரிசை இருந்த தோப்பில் அசுவினி பாதியாகக் குறைந்தது. இதற்குப் பூக்கள் காரணமாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தாள்.

"அசுவினி குறைஞ்சதை நீங்க எண்ணிப் பார்த்தீங்க. அதை அழுத்தமாத்தான் சொல்லியிருக்கேன். காரணம் பூதான்னு எப்படிச் சொல்றது? எத்தனை தோப்பு பார்த்தீங்க?"

"ரெண்டு. ஒண்ணுல பூ உண்டு, இன்னொண்ணுல இல்ல."

"மண்ணு ஒரே மாதிரியா?"

"ஒண்ணு ஆத்தங்கரை," என்று காபிக் கோப்பையைப் பார்த்துச் சொன்னார்.

"அப்ப 'இருக்கலாம்'தான். 'நிரூபிக்கிறோம்'னு போட்டா, பத்திரிகையில கட்டுரையை மதிப்பிடறவர் திருப்பி அனுப்பிடுவாரு."

"அவ்வளவு கறாரான ஆள் எவன் இருக்கான்?"

"நீங்கதான். போன மாசம் இன்னொருத்தர் கட்டுரைக்கு நீங்க எழுதின மதிப்புரையையும் நான்தானே ஆங்கிலத்துல போட்டேன். ரெண்டே தோப்பை வச்சு நிரூபிச்சுட்டேன்னு சொன்ன அவரை, 'இந்த ஆள் வாயை மூடணும்'னு எழுதியிருந்தீங்க. 'ஆசிரியர் தம் முடிவைச் சற்று மறுபரிசீலனை செய்ய விரும்பலாம்'னு மாத்தினேன். அந்தப் பூனைக்கு நீங்க கோபப்படலையே."