வந்தவங்க சோப்பு

"சோப்போட புது உறைய மாப்பிள்ளை பொறுப்புல விட்டிருக்கேம்மா."

"தெரியும்ப்பா."

"நல்லா வந்துச்சுன்னா கம்பெனியையே அவர்கிட்ட கொடுத்துட்டு நான் ஒதுங்கிக்கிறேன். வரலேன்னா..."

"வரலேன்னா?"

"விடு. காபி ஆறுது."

அப்பா பாதியில் விட்ட அந்தப் பேச்சு, சூப்பர் மார்க்கெட்டின் சோப்பு வரிசை முன்னால் நின்றிருந்த மகளின் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா கோபக்காரர் இல்லை. கோபப்பட்டால் சமாதானம் செய்துவிடலாம். அவர் மனசு விட்டுப்போனால் ஆளை ஒதுக்கி வைப்பார். சிரித்துக்கொண்டே ஒதுக்குவார். சொந்தத் தம்பியையே அப்படித்தான் ஒதுக்கினார்.

அவர்கள் கம்பெனியில் ஓடுகிற சரக்கு ஒன்றே ஒன்றுதான். குடும்பம் மொத்தமும் தேய்த்துக் குளிக்கிற, விலை குறைந்த மஞ்சள் உறை சோப்பு. உறை பழசாகிவிட்டது, இளசுகள் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அதை மாற்றச் சொன்னார் அப்பா. அவள் கணவன் மாதக்கணக்கில் கம்ப்யூட்டர் முன்னால் தவம் கிடந்து ஒன்றைச் செய்தான். பளபளப்பே இல்லாத, தந்த நிற அட்டைப்பெட்டி. நடுவில் மெல்லிய எழுத்தில் பெயர், ஓரத்தில் ஒரு தங்கக் கோடு. மற்ற இடமெல்லாம் வெறுமை. சோப்பு அதேதான், எடையும் விலையும் அதேதான். வீட்டில் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: அழகா இருக்கு.

அவளும் அதைத்தான் சொன்னாள். சொல்லும்போதே உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. வாங்குகிறவர்களிடம் பேசி, அவர்கள் மனசில் இருப்பதைத் தெரிந்துகொண்டு வருவதுதான் கம்பெனியில் அவள் வேலை. 'பிடிச்சிருக்கா?' என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். 'என்ன விலை இருக்கும்?' என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

அதனால் மாதிரிப் பெட்டிகளை மற்ற சோப்புகளோடு அடுக்கி, தட்டில் இருந்த விலைச் சீட்டுகளை எல்லாம் மறைத்துவிட்டுக் கேட்டாள். பாதிப் பேருக்குப் பழைய உறை, பாதிப் பேருக்குப் புதியது. ஒருவருக்கே இரண்டையும் காட்டவில்லை. காட்டினால் இரண்டையும் ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கடைக்கு வருகிறவர்கள் அப்படியா பார்க்கிறார்கள்?

பழைய உறையைப் பார்த்தவர்கள் உண்மையான விலைக்குப் பக்கத்திலேயே சொன்னார்கள். புதியதைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு சொன்னார்கள்.

விலை அதிகம் என்று நினைத்தால் நல்லதுதானே என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். அப்போதுதான் கூடையோடு ஓர் அம்மாள் வந்தார். கண் மஞ்சளைத் தேடியது. கை புதுப் பெட்டி வரைக்கும் போனது. தொடவில்லை. சுடுகிற பாத்திரத்தின் அருகே போனதுபோலத் திரும்பி வந்து, பக்கத்தில் இருந்த வேறு கம்பெனியின் மஞ்சள் சோப்பை எடுத்துக் கூடையில் போட்டது.

"ஏம்மா, இந்தப் பெட்டிய எடுத்தே பாக்கலையே?"

"இதுவா? இது வந்தவங்க சோப்புல்ல?"

"அப்படின்னா?"

"வீட்டுக்கு யாராவது வந்தா எடுத்து வைக்கிறது. வாசனையா, அழகா. நாம தேய்ச்சுக் குளிக்க இது எதுக்கு?"

"உங்க பழைய சோப்புதாம்மா இது. விலையும் அதேதான்."

அம்மாள் பெட்டியை வாங்கிக் கையில் எடை பார்த்தார். "அதே விலையா? அப்ப உள்ள சோப்பக் கொறைச்சிருப்பானுங்க. இந்த அட்டைக்கும் தங்கத்துக்கும் யாரு காசு குடுக்கிறது?" சிரித்தபடி பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவள் பெட்டியைத் தட்டில் திருப்பி வைத்தாள். விலை தெரியாவிட்டால் எட்டாது என்று தள்ளிப் போகிறார்கள். தெரிந்தால் ஏமாற்று என்று சந்தேகப்படுகிறார்கள். இதை அச்சுக்கு அனுப்பினால் கடைகளில் இருந்து பழைய மஞ்சள் காணாமல் போகும், புதியது தூசி படிந்து நிற்கும். வாங்கிப் பழகிய கை ஒரு முறை வேறு சோப்பைத் தொட்டுவிட்டால் திரும்பி வருமா? இருப்பது ஒரே சரக்கு.

அச்சுக்குக் கொடுக்கலாமா என்று முடிவு செய்யும் கூட்டம் அன்று சாயங்காலம். ஆபீசுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குக் கம்பெனியை நினைத்துப் பாதிப் பயம், கணவனை நினைத்துப் பாதிப் பயம். 'மாமனார் வீட்டுச் சோறு' என்று யாரோ விளையாட்டாகச் சொன்னதற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவன் அவன். இந்த உறைதான் தனக்கு முகவரி என்று நம்பிக்கொண்டிருக்கிறான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஒவ்வொரு முறையும் நாக்கு நுனி வரை வந்துவிடும். குத்திக் காட்டுவதாக எடுத்துக்கொள்வானோ என்று விழுங்கிவிடுவாள்.

கூட்ட அறையில் அப்பா பேனாவோடு உட்கார்ந்திருந்தார். விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் தாய்மாமா ஜன்னலோரம் நின்றார். பேசுவதற்கு முன் உதட்டைக் குவித்து ஊதுவதால் அவருக்கு விசில் மாமா என்றே பெயர். கணவன் பெட்டிகளை மேஜையில் வரிசையாக, நூல் பிடித்ததுபோல அடுக்கியிருந்தான். அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"என்ன சொல்றாங்க கடையில?" என்றார் அப்பா.

"அழகா இருக்குன்னாங்கப்பா."

கணவன் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்திவிடலாம். அப்பா கையெழுத்துப் போட்டுவிடுவார், இன்றைய ராத்திரி நிம்மதியாகப் போகும்.

"ஆனா எடுக்கலப்பா. வந்தவங்க சோப்புங்கறாங்க." ஆரம்பித்ததை மறைக்காமல் சொல்லி முடித்தாள். சொன்ன விலை, திரும்பிப் போன கை, எடையைப் பற்றிய சந்தேகம், எல்லாம்.

விசில் மாமா ஊதினார். "பொண்ணு பாக்க வந்தவங்க பலகாரத்தப் புகழ்ந்துட்டு எழுந்து போன கதையா இருக்கு."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க மாமா," என்றாள் அவள்.

"விலை சொல்லாம காட்டுனா எல்லாருக்கும் குழப்பமாத்தான் இருக்கும்," என்றான் கணவன். குரல் தணிந்திருந்தது. "பெட்டிக்குப் பின்னாடி விலை போட்டிருக்கேன்."

"எடுத்தாத்தானேங்க திருப்பிப் பாப்பாங்க? எடுக்கவே பயப்படுறாங்க."

"அப்ப நான் செஞ்சது மட்டமாங்கற."

"இல்லங்க. உசத்தியா செஞ்சிட்டீங்க. நம்ம சோப்பு அவ்வளவு உசத்தி இல்ல."

அப்பா பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தம் அவள் காதில் கதவு சாத்தியதுபோல விழுந்தது.

"அச்சு வேண்டாம்," என்றார் அப்பா. பிறகு மருமகனைப் பார்த்துச் சிரித்தார். "பரவால்ல மாப்பிள்ளை. நீங்க பாவம், ரொம்ப உழைச்சிட்டீங்க. கொஞ்ச நாள் ஓய்வா இருங்க."

சித்தப்பாவிடம் சிரித்த அதே சிரிப்பு. கணவன் தலை நிமிராமல் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அட்டைப்பையில் போட ஆரம்பித்தான். அவசரத்தில் ஒன்று கீழே விழுந்தது. இந்தக் கதவைத் தாண்டி அவன் வெளியே போய்விட்டால் திரும்ப மாட்டான், இந்த அறைக்கும், ஒருவேளை தன்னிடமும் என்று அவளுக்குத் தோன்றியது.

விழுந்த பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டாள்.

"ஓய்வெல்லாம் வேண்டாம்ப்பா," என்றாள் அப்பாவைப் பார்க்காமலே. "நம்ம சோப்ப வாங்குறவங்க ஒருத்தரக்கூட இவர் பாத்ததில்ல. பாக்க வைக்காதது நம்ம தப்பு."

அவன் தலை நிமிர்ந்தது. கண்ணில் கோபமா, கெஞ்சலா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும், இத்தனை நாள் நாக்கு நுனியில் நின்றதை இனிமேல் விழுங்க முடியாது.

"என்னங்க," என்றாள், எல்லோர் முன்னாலும். "நாளைக்கு என்கூட கடைக்கு வாங்க."