இயக்குநரின் லேப்டாப்பில் செக்யூர் டிஎன்எஸ்

டெல்லி லோதி ரோடு அலுவலகத்தில் நெட்வொர்க் என் பொறுப்பு. காலையில் இயக்குநரின் லேப்டாப்பில் அலுவலக போர்ட்டல் திறக்கவில்லை. எல்லார் முன்னாலும் சர்வர் பார்க்கும் ஜெகன்மேல் பாய்ந்தேன்.

"டிஎன்எஸ்ஸைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதா உங்களுக்கு?"

அவர் அதே லேப்டாப்பில் கமாண்ட் அடித்துப் பார்த்தார். போர்ட்டலின் பெயருக்கு டிஎன்எஸ் தரவேண்டிய எண் முகவரி சரியாக வந்தது. பிரவுசரில் மட்டும்தான் வரவில்லை.

நேற்று அந்த பிரவுசரில் செக்யூர் டிஎன்எஸ்ஸைப் போட்டு, முகவரி கேட்க வெளி நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவளே நான்தான். "ரொம்பப் பாதுகாப்பு சார்" என்று பெருமை வேறு. எங்கள் சர்வருக்கு மட்டுமே தெரிந்த பெயரை பிரவுசர் வெளியாளிடம் போய்க் கேட்டால் அவன் என்ன சொல்வான்?

ஜெகன் சத்தமில்லாமல் பிரவுசரில் செக்யூர் டிஎன்எஸ்ஸை அணைத்தார். போர்ட்டல் திறந்தது. இயக்குநரிடம் இந்தியில் சொன்னார்: "மன்னிச்சிடுங்க சார், சர்வர்லதான் கோளாறு."

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.