விரித்து வைத்த சிறகு

பாபநாசம் பூச்சிக் கணக்கெடுப்பு முகாமில், விளக்கு வைத்துக் கட்டிய வெள்ளைத் துணிக்கு வந்த பூச்சிகளின் படங்களைச் சரிபார்ப்பது பெனிஷாவின் வேலை. குழுத்தலைவர் இசக்கிராஜா அனுப்பிய படத்தைப் பார்த்ததுமே அவளுக்கு எரிச்சல் வந்தது. பச்சை நிறப் பருந்து அந்துப்பூச்சி ஒன்று, நான்கு சிறகையும் அகல விரித்து, உணர்கொம்பு இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, வேற அந்துப்பூச்சி சிலது சிறகை விரிச்சுச் சுவரோட ஒட்டிக்கிடும். இது விமானம் மாதிரி முன்சிறகைப் பின்னால சாய்ச்சு, பின்சிறகை மறைச்சுல்லா உக்காரும்? கொம்பையும் சிறகுக்கு அடியில ஒளிச்சுக்கிடும். உசுரோட எடுத்ததுன்னு போட்டிருக்கியளே!"

அவர் சிரித்தார். "படம் எடுக்க அசையாம இருக்கட்டும்னு பிரிட்ஜுல வச்சேன், செத்துப்போச்சு. ஊசி குத்தி விரிச்சுட்டேன். அழகா இருக்குல்லா? விடுளா."

அவள் விடவில்லை. படத்தை நிராகரித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அடுத்த வாரம் ஊர் நாற்சந்தியில் பெரிய பேனர் தொங்கியது. அதே செத்த பூச்சி. மேலே, 'வண்ணத்துப்பூச்சிகளைக் காப்போம்'. வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பதுபோல நுனியில் குமிழ் இல்லாமல், கொக்கிபோல வளைந்த அந்தக் கொம்பு ஆளுயரத்துக்கு இருந்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. கீழே, 'படம்: இசக்கிராஜா. சரிபார்த்தவர்: பெனிஷா.'

கிழிக்கலாமென்று எட்டிக் கையை நீட்டும்போது போன் அடித்தது. உவரியிலிருந்து அப்பா.

"ஏளா, பேனர்ல ஒம் பேரு வந்திருக்காமே! பக்கத்து வீட்டு ரெக்சன் அங்க வந்தப்ப போட்டோ எடுத்து அனுப்புனான். கடக்கரை முழுக்கக் காட்டிட்டேன்."